நினைவு மலருக்குக் கீறிய படம் நாட்காட்டிக்குப் போனபோது: ஒரு நிகழ்வு ஆய்வு

கொழும்பில் இணையம் வழியாகப் படம் கீறி விற்கும் ஓர் இளம் ஓவியருக்கும், அவரிடம் பெற்றோரின் உருவப்படம் கீறுவித்த ஒரு குடும்பத்துக்கும் இடையே 2023 செப்டெம்பர் முதல் 2024 நடுப்பகுதி வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். நான் அச்சகங்களுக்குப் பக்க வடிவமைப்புச் செய்கிறவன். நடுவில் இரு தரப்பாரும் என்னிடம் பேசினார்கள், கடைசியில் ஒரே மேசையில் உட்கார்ந்தபோதும் நான் கூட இருந்தேன். இதை எழுத இருவருமே சம்மதித்தார்கள். பெயர்களையும் கடையின் அடையாளத்தையும் விட்டுவிட்டேன்.

## பின்னணி

ஓவியர் வெள்ளவத்தையில் பெற்றோருடன் இருக்கும் 27 வயதுப் பெண். ஐபேடில் ப்ரோக்ரியேட் ஆப்பில் கீறுகிறார். விற்பனை இரண்டு வகை. காலிமுகத்திடல் இஸ்ஸோ வடைக் கடை, புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசல், ஆடிவேல் தேர் என்று தானே விரும்பிக் கீறிய படங்களைக் கோப்பாக விற்பது ஒன்று. ஆட்கள் புகைப்படம் அனுப்பிச் சொல்லிக் கீறுவிக்கும் உருவப்படங்கள் மற்றது. வருமானத்தில் பெரும்பகுதி இரண்டாவதிலிருந்துதான் வந்தது.

உருவப்படத்துக்கு அவர் வைத்திருந்த விலை ஒரு முகத்துக்கு 5,000 ரூபாய். அரைச்சாண் முகமா முழு உருவமா, கழுத்தில் ஒரு சங்கிலியா கல்யாண நகை முழுவதுமா என்பதெல்லாம் விலையை மாற்றாது. மற்றவர்கள் இன்ஸ்டகிராமில் போட்டிருந்த விலைகளைப் பார்த்து, அதற்கு ஒரு படி குறைத்து வைத்த தொகை அது. முற்பணமாக ஆட்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்வார். படத்தை வாங்கியவர் அதை எங்கே பாவிக்கலாம் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. மூன்று வருடம் இப்படி நடந்தும் ஒரு சண்டையும் வரவில்லை. பிறந்தநாளுக்கும் கல்யாணத்துக்கும் கீறுவித்த படங்கள் சுவரில் தொங்கியதோடு முடிந்துவிட்டன.

## ஓடர்

கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஒரு பெண் வட்ஸ்அப்பில் எழுதினார். தாயார் காலமாகி ஒன்பது நாள். 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு வெளியிடும் நினைவு மலரின் முன்பக்கத்துக்குத் தாயும் தகப்பனும் சேர்ந்திருக்கும் படம் ஒன்று வேண்டும். அச்சகத்துக்கு ஐந்து நாள் கொடுக்க வேண்டியிருந்ததால், 26ஆம் நாளுக்குள் படம் கைக்கு வர வேண்டும்.

அந்த இருவரும் சேர்ந்து எடுத்த புகைப்படம் ஒன்றுகூட இல்லை. 1983இல் வீடு எரிந்தபோது அல்பங்களும் எரிந்துவிட்டன. தகப்பன் 1991இல் காலமானவர். அவருடைய தேசிய அடையாள அட்டைப் படம் மட்டும் மிஞ்சியிருந்தது, அவர் எப்போதும் சட்டைப்பையில் வைத்திருந்ததால். விரல்நகம் அளவான கறுப்பு வெள்ளைப் படம். அதன் மேல் பிளாஸ்டிக் உறை சுருங்கி, ஒரு கண்ணின் குறுக்கே கோடு விழுந்திருந்தது. அதைப் போனில் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். வட்ஸ்அப் படங்களைச் சுருக்கி அனுப்பும் என்பதால் இருந்த விவரமும் போய்விட்டது. தாயாரின் படம் கடந்த வருடம் பேத்தியின் சடங்கில் எடுத்தது, நல்ல தெளிவு, வயது 74.

விலை இரண்டு முகத்துக்கு 10,000 ரூபாய். காசு கொடுப்பவர் ரொறன்ரோவில் இருக்கும் மூத்த அண்ணன். அப்போது இலங்கைக் கணக்கொன்றுக்கு பேபால் வழியாகப் பணம் பெற முடியாது. அதனால் அண்ணன் தங்கைக்கு அனுப்பி, தங்கை ரூபாயில் ஓவியருக்குப் போட்டார். முதலில் வந்தது 3,000 ரூபாய். இந்தச் சின்ன விஷயத்தின் விளைவு பிறகுதான் தெரிந்தது. ஓடர் தந்தவர் ஒருவர், காசு தருபவர் இன்னொருவர், படத்தைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டியவர் யார் என்று எவருமே கேட்கவில்லை.

## வேலை நடந்த விதம்

முதல் வரைவு 14ஆம் நாள் போனது. அடையாள அட்டையில் இருந்தபடி தகப்பனுக்கு 38 வயது, சடங்குப் படத்தில் இருந்தபடி தாயாருக்கு 74. தங்கை பார்த்துவிட்டு, "அப்பா அப்பிடியே இருக்கிறார், நல்லாயிருக்கு, தொடங்குங்கோ" என்று குரல்செய்தி அனுப்பினார். தகப்பனின் தலைமயிர் வகிடு எந்தப் பக்கம், காது எவ்வளவு வெளியே நின்றது, திருநீறு எப்படிப் பூசுவார் என்றெல்லாம் மூன்று முறை போனில் கேட்டுக் கேட்டு முகத்தைக் கட்டினார் ஓவியர். இந்த வேலையை நான் மிகவும் மதிக்கிறேன். இல்லாத விவரத்தைப் பிள்ளைகளின் நினைவிலிருந்து எடுத்து வைப்பது படம் பார்த்துக் கீறுவது போன்றதல்ல.

21ஆம் நாள் வண்ணம் முடிந்த படம் போனது. மறுநாள் காலை ரொறன்ரோ அண்ணனிடமிருந்து ஓவியருக்கு நேரடியாக அழைப்பு வந்தது. அவர் அந்தப் படத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். அவர் சொன்னது நியாயம்தான். பார்க்கிறவர்களுக்கு அது புருஷன் பெண்சாதி போல இல்லை, தாயும் மகனும் போல இருக்கிறது.

தகப்பனை முதியவராக்கினால் எவரும் கண்டிராத முகம் ஒன்று வரும். அவர் அந்த வயதுவரை வாழவில்லை. எனவே தாயாரை நாற்பதுகளுக்குக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. உறவினர் வீட்டுக் கல்யாணப் படம் ஒன்றின் பின்வரிசையில் தாயார் பட்டுச் சேலையோடு நின்றதைக் கண்டுபிடித்து அனுப்பினார்கள்.

இங்கே தொழில்நுட்பச் சிக்கல் ஒன்று சேர்ந்தது. படம் A3 அளவு, 300 dpi, அதாவது 3508 × 4961 பிக்சல். ப்ரோக்ரியேட்டில் படத்தின் பகுதிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தனித்தனியே கீறும் தட்டுகள்தான் லேயர்கள், தாள் பெரிதாகப் பெரிதாகப் பாவிக்கக்கூடிய லேயர்களின் எண்ணிக்கை குறையும், ஐபேடின் நினைவகத்தைப் பொறுத்து. இடம் பற்றாமல் தாயாரின் முகம், கழுத்து, சேலை மூன்றையும் அவர் ஏற்கெனவே ஒரே லேயராகச் சேர்த்துவிட்டிருந்தார். முகத்தை மட்டும் எடுத்து மாற்ற வழியில்லை. தாயாரின் பக்கம் முழுவதையும் மூன்று இரவு விழித்திருந்து மறுபடி கீறினார். கூடுதல் காசு கேட்கவில்லை. செத்த வீட்டில் காசுக் கதை எடுப்பதா என்று தயங்கியதாகச் சொன்னார். அந்தத் தயக்கத்தை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்குக் கதைக்க முடியாது என்றால், அதை முதல் நாளே எழுதி வைத்திருக்க வேண்டும்.

26ஆம் நாள் முழு அளவுக் கோப்பு அச்சகத்துக்கு நேரடியாகப் போனது. மீதி 7,000 ரூபாய் வரவில்லை. கேட்டபோது வங்கி ஸ்லிப்பின் படம் வந்தது, கணக்கில் பணம் ஏறவில்லை. கணக்கு இலக்கத்தில் ஓர் எண் பிசகியிருந்தது என்பது இரண்டு வாரம் கழித்துத் தெரிந்து, பணம் மறுபடி அனுப்பப்பட்டது. ஏமாற்றும் எண்ணம் எவருக்கும் இல்லை. ஆனால் ஸ்லிப் என்பது பணம் அல்ல, கோப்பு போன பிறகு ஓவியரின் கையில் கேட்பதற்கு ஒன்றுமே இருக்கவில்லை.

## நாட்காட்டி

2024 தை மாதம் ஓவியரின் அம்மா புறக்கோட்டையில் துணி வாங்கப் போய், கடையில் கொடுத்த நாட்காட்டியைச் சுருட்டிக்கொண்டு வந்தார். விரித்துப் பார்த்தால் அதே படம். அந்தக் கடை குடும்பத்தின் இரண்டாவது மகனுடையது, தகப்பன் தொடங்கியது. "எங்கள் நிறுவனர்கள்" என்று கீழே எழுதியிருந்தது. திகதிக் கட்டங்களுக்கு இடம் விடுவதற்காகப் படத்தின் கீழ்ப்பகுதியை வெட்டியிருந்தார்கள், ஓவியரின் கையொப்பம் அந்தப் பகுதியோடு போய்விட்டது. துணி போட்டுத் தந்த பையிலும் அதே படம், ஒற்றை நிறத்தில். மென்மையான வண்ணப் படத்தை ஒற்றை நிறமாக்கியதில் தகப்பனின் கன்னம் முழுவதும் கறுப்புத் திட்டாகியிருந்தது. காசு வராததைவிட அந்தத் திட்டுத்தான் அவரை அழவைத்தது.

அன்றிரவே பேஸ்புக்கில் போட நீளமாக ஒன்று எழுதினார். போடுவதற்கு முன் எனக்கு அனுப்பினார். சட்டம் தெரியாமல் போடாதே என்று சொன்னேன். அடுத்த நாள் எனக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் போனோம்.

## சட்டம் சொன்னது

ஓவியரும் நானும் ஒரே தவறான நம்பிக்கையோடு அங்கே போனோம். கீறியவருக்குத்தான் உரிமை, எழுதிக் கொடுத்தால்தான் அது மற்றவருக்குப் போகும் என்று இருவரும் நினைத்திருந்தோம். வெளிநாட்டு ஓவியர்களின் பக்கங்களில் அப்படித்தான் வாசித்திருக்கிறோம்.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இதை வேறு விதமாகச் சொல்கிறது. தானாகக் கீறிய படத்துக்கு ஓவியரே முதல் உரிமையாளர். பதிவு எதுவும் தேவையில்லை. ஆனால் ஒருவர் சொல்லிக் கீறுவித்த படத்தில், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாவிட்டால், பொருளாதார உரிமைகள் கீறுவித்தவருக்கே. பிரதி எடுப்பது, அச்சிடுவது, விற்பது எல்லாம் இந்தப் பொருளாதார உரிமைகளில் அடங்கும். அதாவது எழுத்தில் ஒன்றுமில்லை என்றால் எல்லாம் வாடிக்கையாளர் பக்கம் போய்ச் சேரும். 5,000 ரூபாய்ப் படமாக இருந்தாலும் அப்படித்தான்.

ஓவியரிடம் மிஞ்சியது தார்மீக உரிமை. பொருளாதார உரிமை யாரிடம் போனாலும், படத்தோடு தன் பெயர் வர வேண்டும் என்று கேட்கவும், தன் மதிப்பைக் கெடுக்கும் விதமாகப் படத்தைச் சிதைத்தால் ஆட்சேபிக்கவும் கீறியவருக்கு உரிமை உண்டு. வெட்டுப்பட்ட கையொப்பமும் பையில் இருந்த கறுப்புத் திட்டும் இந்த இடத்தில் வந்தன.

கீறுவித்தவர் யார் என்ற கேள்வியும் இருந்தது. தங்கையா, காசு கொடுத்த அண்ணனா? கடை வைத்திருக்கும் சகோதரன் நிச்சயமாக இல்லை. தங்கையிடமிருந்து கடைக்கு எழுத்தில் எதுவும் போகவில்லை. இதை வைத்து வாதாடலாம் என்றார் சட்டத்தரணி, ஆனால் அதற்கு ஆகும் செலவு படத்தின் விலையைப் போலப் பல மடங்கு என்றும் சொன்னார்.

இன்னொன்றையும் அவர்தான் கேட்டார். "நீங்கள் இந்தப் படத்தை எங்கேயாவது போட்டீர்களா?" ஓவியர் போட்டிருந்தார். படம் கீறும் டைம்லாப்ஸ் வீடியோவை 28ஆம் நாளே இன்ஸ்டகிராமில் ஏற்றியிருந்தார், அந்தியேட்டிக்கு முன்பாக. சட்டப்படி பார்த்தால் அனுமதியில்லாமல் பாவித்தவர்களில் அவரும் ஒருவர்.

## எடுத்த முடிவு, அதன் காரணம்

மூன்று வழிகள் இருந்தன. பேஸ்புக்கில் எழுதுவது, சட்டத்தரணியின் கடிதம் அனுப்புவது, நேரில் போவது. முதலாவதை ஓவியரே கைவிட்டார். இறந்துபோன இருவரின் முகத்தைச் சண்டைக்குள் இழுக்க அவருக்கு மனம் வரவில்லை. கடிதத்தில் உறுதியாகக் கேட்கக்கூடியது பெயர் மட்டும்தான், மற்றதெல்லாம் இழுபறி. எனவே நேரில் போவது என்றும், முதலில் வீடியோவை எடுத்துவிட்டுப் போவது என்றும் தீர்மானித்தோம். கேட்க வேண்டியவை இரண்டு: பெயர், கடைப் பாவனைக்கு ஒரு நியாயமான தொகை.

கடையின் மேல்மாடியில் சந்தித்தோம். கடைக்காரச் சகோதரருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். அவருக்கு இது முறைப்பாடாகவே புரியவில்லை.

"பிள்ளை, எங்கட அம்மா அப்பான்ர முகம். காசும் எங்கட. பிறகு ஆரிட்டக் கேக்கோணும்?"

"முகம் உங்கட அம்மா அப்பான்ரதான் ஐயா. அதில எனக்கு ஒரு உரிமையும் இல்லை. ஆனா அப்பான்ர கன்னத்தை நான் எவ்வளவு கஷ்டப்பட்டுக் கொண்டந்தனான். பையில பாருங்கோ, அது அவர் இல்லை."

அவர் பையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அதன் பிறகுதான் தங்கள் பக்கத்து மனவருத்தத்தைச் சொன்னார். 31 முடிவதற்கு முன் அம்மாவின் முகம் இன்ஸ்டகிராமில் பாட்டோடு ஓடியதை ரொறன்ரோவில் உள்ள பேரப்பிள்ளைகள் பார்த்து அழுதிருக்கிறார்கள். ஓவியர் அதற்கு மன்னிப்புக் கேட்டார், மனதாரக் கேட்டார். அதற்குப் பின் பேச்சு வேறு மாதிரி நடந்தது.

அன்றே முடிவானது இது. அச்சிட்டு முடிந்த நாட்காட்டியை ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த பை அச்சாகும்போது, ஒற்றை நிறத்துக்கென்றே தனியாகக் கீறிய கோட்டுப்படத்தைப் பாவிப்பார்கள், ஓரத்தில் ஓவியரின் பெயர் வரும். கோட்டுப்படத்துக்கும் ஒரு வருடக் கடைப் பாவனைக்கும் சேர்த்து 25,000 ரூபாய். குடும்பத்தார் தங்கள் வீட்டுத் தேவைக்கு எத்தனை பிரதியும், எந்தக் காலமும் எடுக்கலாம். ஓவியர் அந்தப் படத்தைத் தன் பக்கத்தில் போடுவதானால் தங்கையிடம் கேட்டுப் போடுவார். ஒரு பக்கத்தில் எழுதி, தங்கையும் கடைக்காரரும் ஓவியரும் ஒப்பமிட்டார்கள்.

## நேரக் கணக்கு

அந்த விஷயம் முடிந்த பிறகு விலைக்கு வந்தோம். ப்ரோக்ரியேட்டில் `Canvas Information` என்ற இடத்துக்குள் `Statistics` என்று ஒரு பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் கீறிய நேரம் `Tracked time` என்று அதில் பதிவாகியிருக்கும். ஓவியர் அதை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. கடைசி 14 உருவப்படங்களின் நேரத்தை ஒரு கொப்பியில் எழுதினோம்.

தெளிவான ஒற்றைப் புகைப்படத்திலிருந்து கீறிய தோள்வரை உருவம் நாலரை மணிநேரம் முதல் ஐந்தரை வரை எடுத்திருந்தது. நினைவு மலர்ப் படம் 31 மணி 40 நிமிடம். 10,000 ரூபாயை அதால் பிரித்தால் மணிக்கு 316 ரூபாய். சாதாரணப் படத்தில் அவருக்கு மணிக்கு ஆயிரம் ரூபாய் அளவில் கிடைத்தது. ஆக, மிகக் கடினமான வேலைக்கு மிகக் குறைந்த கூலி.

மொத்த நேரத்தை ஆப் சொல்லும், அது எதில் போனது என்று சொல்லாது. டைம்லாப்ஸ் வீடியோவையும் வட்ஸ்அப் செய்திகளின் நேரத்தையும் பொருத்திப் பார்த்துத் தோராயமாகப் பிரித்தோம். வரைவு நாலு மணி. தகப்பனின் முகம் ஏழு. தாயாரின் முதல் முகம் ஐந்து. உடுப்பும் நகையும் நாலரை. தாயாரை மறுபடி கீறியது பதினொன்று.

எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது தகப்பனின் ஏழு மணிநேரம். படத்தில் நுணுக்கம் என்றால் சரிகை, நகை, பின்னணி என்றுதான் எல்லாரும் எண்ணுகிறோம். 14 படங்களின் கணக்கைப் பார்த்தால் நேரத்தை அதிகம் தின்றது மங்கலான மூலப்படம். நல்ல புகைப்படம் இருந்தால் பட்டுச் சேலைக் கரைகூட ஓடிவிடும், ஒரு முந்தானைக் கோலத்தைக் கீறி மற்றதை அதேபோலத் தொடரலாம். மூலப்படத்தில் கண் இருக்கிற இடம் தெரியவில்லை என்றால் ஒவ்வொரு மில்லிமீற்றரும் ஊகம், ஒவ்வொன்றையும் வீட்டாரிடம் கேட்டுத் திருத்த வேண்டும். நாங்கள் பார்த்த எந்த ஓவியரின் விலைப்பட்டியலிலும் இதற்கு ஒரு வரி இருக்கவில்லை. தாளின் அளவு, பிக்சல் எண்ணிக்கை இரண்டும் கீறும் நேரத்தை அவ்வளவாக மாற்றவில்லை, லேயர் சிக்கலைத் தவிர.

புதிய விலை இந்தக் கணக்கின் மேல் கட்டியது, மணிக்கு 1,500 ரூபாய் என்று வைத்து. தெளிவான படத்திலிருந்து ஒருவரின் தோள்வரை உருவம் 7,500. இரண்டாவது முகம் 6,000. பட்டும் நகையும் முழுமையாக என்றால் 6,000. மூலப்படம் பழையது, சேதமானது, அல்லது முகம் கட்டைவிரலைவிடச் சிறியது என்றால் 4,500. மூலப்படத்தை வட்ஸ்அப்பில் `Document` ஆக அனுப்பச் சொல்கிறார். அப்படி அனுப்பினால் சுருங்காது, சிலவேளை அந்த 4,500 தேவையே இல்லாமல் போகும். வரைவில் இரண்டு திருத்தம் இலவசம், வண்ணம் தொடங்கிய பின் கேட்கும் மாற்றம் மணிக்கணக்கு.

இதன்படி நினைவு மலர்ப் படம் 24,000 ரூபாயும், மறுபடி கீறியதற்கு 16,500 ரூபாயும் ஆகியிருக்கும். குடும்பம் அவ்வளவு கொடுத்திருக்குமா என்று ஓவியர் கேட்டார். ஒருவேளை கொடுத்திருக்காது. ஆனால் வண்ணத்துக்குப் பின் மாற்றினால் மணிக்குக் காசு என்று தங்கைக்குத் தெரிந்திருந்தால், வரைவையே அண்ணனுக்கு அனுப்பியிருப்பார் என்பது என் எண்ணம்.

## முற்பணமும் பாவனை உரிமமும்

முற்பணம் இப்போது மூன்று தவணை. ஓடரை உறுதி செய்யப் பாதி. வரைவுக்குச் சரி சொன்னபின், வண்ணம் தொடங்குமுன் 30 வீதம். மீதி 20 வீதம் வந்தபின் முழுக் கோப்பு. முதல் பாதி எதற்கு என்றால், வரைவோடு ஆள் விலகிப் போனாலும் அந்த வேலையின் கூலியும், அந்த நாட்களுக்காகத் தட்டிக்கழித்த மற்ற ஓடரின் நட்டமும் அதற்குள் அடங்க வேண்டும். வரைவு தொடங்கும் முன் விலகினால் முழுவதும் திரும்பக் கிடைக்கும், வரைவு போனபின் இல்லை. ஓவியர் தன் காரணத்தால் முடிக்காவிட்டால் வாங்கியது எல்லாம் திரும்பும். நாள் எண்ணத் தொடங்குவது கணக்கில் பணம் ஏறிய நாளிலிருந்து.

பார்வைக்கு அனுப்பும் படம் நீளப்பக்கத்தில் 1000 பிக்சல், ஓவியரின் பெயர் முகங்களுக்குக் குறுக்கே மெல்லியதாக. A3 தாளில் அதை அச்சிட்டால் அங்குலத்துக்கு 60 பிக்சல்தான் வரும், அச்சுக்கு உதவாது. கையொப்பத்தை மூலையிலிருந்து எடுத்து, தோள் மடிப்புக்குள் வைக்கத் தொடங்கினார். அங்கே இருந்தால் நாட்காட்டிக்காக வெட்டுகிறவருக்கு அது தடையாகவும் இராது, வெட்டுப்படவும் மாட்டாது.

உரிமத்தில் நான் பிடிவாதமாக நின்றது ஒன்றில்தான். சட்டம் கீறுவித்தவருக்குச் சாதகமாகத் தொடங்குவதால், முதல் வரி அதை மாற்ற வேண்டும். எழுதியது இது:

> இந்தப் படத்தின் பொருளாதார உரிமைகள் ஓவியரிடம் இருக்கும். கீறுவித்தவரும் அவர் குடும்பத்தாரும் வீட்டுத் தேவைக்கும் விற்பனைக்கல்லாத நினைவு மலர், அழைப்பிதழ் போன்றவற்றுக்கும் காலவரையறையின்றி இதைப் பிரதி செய்யலாம். வியாபாரப் பெயர், பொதி, விளம்பரம், நாட்காட்டி, விற்பனைப் பொருள் ஆகியவற்றுக்குப் பாவிப்பதானால் தனி அனுமதியும் கட்டணமும் வேண்டும். கீறுவித்தவர் எழுத்தில் சம்மதிக்காமல் ஓவியர் இதை எங்கும் வெளியிடமாட்டார்.

கடைசி வரி ஓவியர் தானே சேர்த்தது. வியாபாரக் கட்டணம் படத்தின் விலையில் பாதி, ஒரு வருடத்துக்கு, ஒரு வகைப் பாவனைக்கு. உரிமம் எழுத்திலும் இரு தரப்பின் ஒப்பத்தோடும் இருக்க வேண்டும் என்பதால், "சரி" என்ற வட்ஸ்அப் பதில் மட்டும் போதும் என்று விடவில்லை. ஒரு பக்கப் பத்திரம், கைபேசியிலேயே ஒப்பமிட்டுத் திருப்பி அனுப்பலாம். இலத்திரனியல் ஆவணத்தையும் ஒப்பத்தையும் ஏற்க 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது.

காலிமுகத்திடல், ஆடிவேல் போன்ற படங்களுக்கு இவ்வளவு தேவைப்படவில்லை. அவை ஆரம்பத்திலிருந்தே அவருடையவை. வாங்குகிறவர் வீட்டில் மாட்டலாம், அச்சிட்டு விற்கக் கூடாது என்ற இரண்டு வரி ஒவ்வொரு கோப்போடும் போகிறது.

## பின் நடந்தது

2024 பங்குனியிலிருந்து ஆவணி வரை ஆறு மாதம் கவனித்தோம். மாதம் ஒன்பது பத்தாக இருந்த ஓடர் ஆறாகக் குறைந்தது. சராசரி விலை 5,500 அளவிலிருந்து 12,000 அளவுக்கு ஏறியதால், மாத வருமானம் ஐம்பதாயிரத்திலிருந்து எழுபதாயிரத்தைத் தாண்டியது. இழந்தவர்கள் பெரும்பாலும் பிறந்தநாள் பரிசு தேடி வந்த பிள்ளைகள். அவர்களை விட ஓவியருக்கு மனமில்லை. முகத்தில் நிழல் இல்லாத கோட்டுப்படம் ஒன்றை 3,500 ரூபாய்க்குச் சேர்த்தார், அது இரண்டு மணி வேலை.

பத்திரத்தைக் கண்டு ஒருவர் கோபித்துக்கொண்டு போனார். என் பிள்ளையின் படத்துக்கு நீ உரிமைக்காரியா என்று கேட்டார். அவருக்கு விளங்கப்படுத்தச் சொற்கள் கிடைக்கவில்லை என்று ஓவியர் வருத்தப்பட்டார். அதன்பின் பத்திரத்தை அனுப்புமுன் போனில் சொல்லிவிட்டு அனுப்புகிறார். கடையின் புதிய பை ஆனியில் வந்தது, கோட்டுப்படத்தோடும் பெயரோடும். தகப்பனின் கன்னம் இந்த முறை கன்னமாகவே இருந்தது.

## இன்னும் சரியாகாதது

உடனடி வேலைக்குக் கூடுதல் கட்டணம் வைப்பதா என்பதில் ஓவியர் முடிவெடுக்கவில்லை. அவசர ஓடர்களில் பெரும்பாலானவை செத்த வீட்டிலிருந்து வருபவை, அங்கே அவசரத்துக்குக் காசு கேட்பது அவருக்கு ஒப்பவில்லை. அவருடைய இரவுத் தூக்கத்துக்கும் விலை உண்டு என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இப்போதைக்கு, பத்து நாளுக்குள் கேட்டால் கோட்டுப்படம் மட்டும்தான் என்று வைத்திருக்கிறார்.

மற்றது, சரி சொல்பவர் யார் என்ற பழைய பிரச்சினை. பத்திரத்தில் "வரைவுக்கு இறுதிச் சம்மதம் தருபவர்" என்று ஓர் இடம் விட்டிருந்தோம். ஆனியில் வந்த ஒரு தாத்தாவின் படத்துக்கு அந்த இடத்தில் நாலு பிள்ளைகளின் பெயரும் எழுதி அனுப்பினார்கள். நாலு பேரும் நாலு மாதிரிச் சொன்னார்கள், வரைவு ஐந்து முறை போய்வந்தது. இப்போது அந்த இடத்தில் ஒரு பெயருக்கு மட்டும்தான் கோடு இருக்கிறது.